நீல பம்ப் தீர்ந்துபோகிறது, பழுப்பு பம்ப் தீரவே இல்லை

ஆஸ்துமாவுக்கு இரண்டு இன்ஹேலர் வைத்திருப்பவரின் நிலைமையைத் தெரிந்துகொள்ள, ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் முன்பே ஒரு வேலை செய்யலாம். இரண்டையும் மேசைமேல் வைக்கச் சொல்லி, அவற்றின் பின்புறம் இருக்கும் எண்ணிகளைப் படிக்கலாம்.

ஒரு மாதிரிக்கு நாற்பது வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் இருக்கும் நீல பம்ப் சால்பியூட்டமால், 200 பஃப் கொண்டது. வாங்கி ஐந்து வாரம் ஆகிறது, எண்ணி 18 காட்டுகிறது. 35 நாளில் 182 பஃப் போயிருக்கிறது என்றால் ஒரு நாளைக்கு ஐந்துக்கும் சற்று மேல். பழுப்பு பம்ப் பெக்லோமெத்தசோன், அதுவும் 200 பஃப். காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று மருத்துவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். அந்தக் கணக்குப்படி அது 50 நாளில் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் வாங்கி நான்கு மாதம் கழித்தும் எண்ணியில் 84 மிச்சம். 480 பஃப் எடுத்திருக்க வேண்டிய காலத்தில் 116தான் எடுத்திருக்கிறார். கால் பங்குகூட இல்லை.

கேட்டால் அவர் சொல்வது இதுதான்: "நீலத்த அடிச்சா உடனே மூச்சு விடுது டாக்டர். இன்னொண்ணு அடிச்சா ஒண்ணுமே தெரியல. அதான் ரொம்ப முடியாதப்ப மட்டும் எடுத்துக்கறேன்." அதோடு, இதைவிட வலுவான மருந்து ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றும் கேட்கிறார்.

அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. நீல பம்பின் பலன் உடம்புக்குத் தெரிகிறது, பழுப்பு பம்பின் பலன் தெரிவதில்லை. இன்ஹேலர் சிகிச்சை சறுக்கும் இடங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. மீதிப் பாதி, பம்பை வாயில் வைத்து அமுக்கும் அந்த ஐந்தாறு நொடிகளில் இருக்கிறது.

முதலில் இரண்டு மருந்துகளையும் பார்த்துவிடலாம். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் இரண்டு விதமாகக் குறுகுகிறது. குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகிப் பிடிப்பது ஒன்று. குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கி, கோழை சுரந்து, உள்ளிடமே சிறுத்துப்போவது இன்னொன்று. முதலாவது நிமிடங்களில் வரும், நிமிடங்களில் போகும். இரண்டாவது நாட்கணக்கில் வளர்ந்து, இளைப்பே இல்லாத நாளிலும் உள்ளே இருந்துகொண்டிருக்கும். வீங்கிச் சிவந்த அந்தச் சுவர்தான் தூசு பட்டாலும், குளிர்காற்று பட்டாலும், சளி பிடித்தாலும் தசையை இறுகத் தூண்டுகிறது.

சால்பியூட்டமால் போன்ற நிவாரண மருந்து அந்தத் தசையை மட்டும் தளர்த்துகிறது. சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கி, நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வரை நிற்கும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. பெக்லோமெத்தசோன், பியூடசோனைடு, ஃபுளூட்டிகசோன் போன்ற தடுப்பு மருந்துகள் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுகள். அவை சுவரின் அழற்சியை அடக்குகின்றன. தசையை உடனடியாகத் தளர்த்தும் வேலை அவற்றுக்குக் கிடையாது, எனவே எடுத்தவுடன் எதுவும் தெரியாமல் இருப்பதே இயல்பு. தினமும் எடுத்தால் சில நாட்களில் ஆரம்பித்து, ஓரிரு வாரத்தில் இரவு இருமலும் விடிகாலை இளைப்பும் குறையும். முழுப் பலன் தெரிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். ரொம்ப முடியாதபோது மட்டும் இதை எடுப்பதில் அர்த்தமில்லை. முடியாமல்போகும் அந்த நாள் வராமல் பார்த்துக்கொள்வதே இதன் வேலை.

நிவாரண மருந்தை மட்டுமே நம்பி ஓட்டுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதை நாள்தோறும் பல தடவை எடுத்துக்கொண்டே இருந்தால், மருந்து பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மந்தமாகின்றன. அதே இரண்டு பஃபுக்கு முன்பு கிடைத்த பலன் கிடைப்பதில்லை, மூச்சுக்குழாயும் முன்பைவிட எளிதில் சீண்டப்படுகிறது. அப்போது ஆள் இன்னும் கூடுதலாக அடிக்கிறார். உள்ளே வீக்கம் ஏறிக்கொண்டே போக, வெளியே தற்காலிக ஆறுதல் அதை மறைத்துக்கொண்டே இருக்கிறது. ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் ஜீனா அமைப்பு 2019இல் ஒரு பெரிய திருப்பத்தை எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் சால்பியூட்டமால் போன்ற குறுகிய நேர நிவாரணியைத் தனியாக மட்டும் கொடுத்து ஆஸ்துமாவைப் பார்த்துக்கொள்வதை அது அந்த ஆண்டிலிருந்து பரிந்துரைப்பதில்லை. ஸ்டீராய்டு ஏதாவது ஒரு வடிவில் கூட இருந்தே ஆக வேண்டும். 200 பஃப் கொண்ட நிவாரண பம்ப் வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் மோசமான தாக்குதலுக்கான ஆபத்து கூடுகிறது என்றும், பன்னிரண்டோ அதற்கு மேலோ தீர்ந்தால் மரண ஆபத்தும் கூடுகிறது என்றும் அது சொல்கிறது. நம் மாதிரிப் பெண் இப்போது போகும் வேகத்தில் வருடத்துக்கு ஒன்பது பத்து பம்ப் காலி செய்வார். இளைப்பு அவரை இன்னும் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லவில்லை என்பதால், இந்த எண்ணிக்கை எவ்வளவு உயரம் என்று அவருக்குத் தெரியாது.

வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நிவாரணி தேவைப்பட்டாலோ, இளைப்பால் இரவில் தூக்கம் கலைந்தாலோ, ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வாசகர் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நிறம் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நிவாரணி நீலம், தடுப்பி பழுப்பு அல்லது ஆரஞ்சு என்பது வழக்கமே தவிர சட்டம் இல்லை. கம்பெனி மாறினால் நிறமும் மாறலாம். லேபிளில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்து, எது எது என்று உறுதி செய்துகொள்வதே பாதுகாப்பு. இந்த இரண்டு பிரிவிலும் சேராத ஒரு வகையும் இருக்கிறது: ஸ்டீராய்டும் ஃபார்மோட்டெராலும் ஒரே பம்பில் கலந்து வருவது. ஃபார்மோட்டெரால் தசையைத் தளர்த்தும் நீண்ட நேர மருந்துதான், ஆனால் சால்பியூட்டமால் போலவே சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடும். அதனால் பியூடசோனைடு ஃபார்மோட்டெரால் கலவையை மருத்துவர் அப்படி எழுதிக்கொடுத்தால் நிவாரணியாகவும் தடுப்பியாகவும் ஒரே பம்பாகப் பயன்படுத்தலாம். இளைப்பு வரும்போது எடுக்கும் ஒவ்வொரு பஃபோடும் ஸ்டீராய்டும் தானாக உள்ளே போய்விடுவதுதான் இதன் சாமர்த்தியம்; மனிதர்கள் தடுப்பியை மறப்பார்கள் என்பதை ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு என்றே இதைச் சொல்லலாம். சால்மெட்டெரால் கலந்த பம்ப் பார்வைக்கு இதேபோல இருந்தாலும், அது மெதுவாக வேலை செய்வதால் அவசரத்துக்கு உதவாது. "என் தங்கச்சி இதத்தான் ரெண்டுக்கும் அடிக்கிறா" என்று ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் செய்வது இந்த இடத்தில் விபரீதமாகப் போகும்.

இனி அந்த ஐந்தாறு நொடிகள். நம் மாதிரிப் பெண்ணிடம் மருத்துவர் அடுத்துக் கேட்க வேண்டியது, "எப்படி எடுக்கறீங்கன்னு செஞ்சு காட்டுங்க" என்பது. எடுக்கத் தெரியுமா என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். 1975 முதல் 2014 வரை நாற்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வில், இன்ஹேலரைப் பிசகில்லாமல் எடுத்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். அந்த நாற்பது ஆண்டுகளில் இந்த நிலை மேம்படவும் இல்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களில் பலருக்கே சரியாக வராது என்பதும் இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் படிகளை மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது. அளவிட்டு மருந்து தரும் இந்த வகை பம்ப் 1956இல் விற்பனைக்கு வந்தது. உலோக டப்பாவுக்குள் மருந்தும், அழுத்தத்தால் திரவமாக இருக்கும் உந்துவாயுவும் சேர்ந்திருக்கின்றன. அடிப்பகுதியில் ஒரு சின்ன வால்வு அறை உண்டு. டப்பாவை ஒருமுறை அமுக்கினால் அந்த அறையில் இருக்கும் அளவு மட்டும் பீய்ச்சப்படுகிறது. வெளியே வந்ததும் உந்துவாயு ஆவியாகி, மருந்து நுண்துகள்களாக மிஞ்சுகிறது. ஒரு மைக்ரானிலிருந்து ஐந்து மைக்ரான் வரை இருக்கும் துகள்கள் சிறு மூச்சுக்குழாய்கள் வரை போகும். அதைவிடப் பெரியவை தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். நன்றாக எடுப்பவருக்கும்கூட சாதாரண பம்பிலிருந்து நுரையீரலுக்குப் போவது ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம்தான். மிச்சத்தில் பெரும்பகுதி தொண்டையில் படிந்து விழுங்கப்படுகிறது. எழுதிக்கொடுக்கப்படும் அளவே இந்த வீணடிப்பைக் கணக்கில் வைத்துத்தான் எழுதப்படுகிறது. ஆனால் தவறாக எடுக்கும்போது, இருக்கும் அந்தச் சிறு பங்கும் கைநழுவிவிடும்.

பீய்ச்சல் வாய்க்குள் நுழையும் வேகம் அதிகம். மூச்சுக்குழாயோ தொண்டையின் பின்சுவரில் கிட்டத்தட்ட செங்கோணமாக வளைந்து கீழே இறங்குகிறது. வேகமாக வரும் துகள் அந்த வளைவில் திரும்பாமல் நேரே போய் சுவரில் மோதும், வளைவில் வேகத்தைக் குறைக்காத வண்டியைப் போல. ஆகவே மூச்சை எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு மருந்து தொண்டையில் போகிறது. பலரும் செய்வது அதைத்தான்: மருந்தை முழுக்க இழுத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில் "ஸ்ஸ்" என்று ஒரே வேகத்தில் இழுப்பார்கள். முன்பு பவுடர் வகை இன்ஹேலர் எடுத்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். ஏனென்றால் பவுடர் வகையில் உந்துவாயு இல்லை, நாம் வேகமாக இழுக்கும் காற்றுதான் பவுடரை உடைத்துக் கிளப்புகிறது. அங்கே வேகமும் அழுத்தமும் வேண்டும். ஒருவர் கையில் இரண்டு வகையும் இருந்தால், எது எந்த வகை என்று முதலில் பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது.

சரியான முறை இப்படி. மூடியைக் கழற்றி, வாய்ப்பகுதிக்குள் ஏதாவது புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பையில் மூடியில்லாமல் கிடந்த பம்பில் நாணயமோ காகிதத் துண்டோ சிக்கியிருப்பது உண்டு. பிறகு பம்பை நன்றாகக் குலுக்க வேண்டும். பல பம்புகளில் மருந்து திரவத்தில் கரைந்திருப்பதில்லை, மிதக்கும் துகளாகவே இருக்கிறது. சும்மா இருந்தால் பிரிந்துவிடும். குலுக்கிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் மறுபடியும் பிரியும். ஒவ்வொரு பஃபுக்கும் முன்னால் குலுக்குவதும், குலுக்கியவுடன் எடுப்பதும் அதனால்தான். புது பம்பாக இருந்தாலோ, சில நாட்கள் தொடாமல் வைத்திருந்தாலோ, முதல் சில பஃபுகளைக் காற்றில் அடித்துவிட வேண்டும். எத்தனை, எத்தனை நாளுக்குப் பிறகு என்பது பம்புக்குப் பம்பு மாறும், உள்ளிருக்கும் தாளில் எழுதியிருக்கும். வால்வு அறை அப்போதுதான் முறையாக நிரம்புகிறது.

நிமிர்ந்து உட்கார்ந்தோ நின்றோ, முகவாயைச் சற்றே உயர்த்தி, பம்பைவிட்டு வாயை விலக்கி மூச்சை வெளியே விட வேண்டும். உள்ளே பழைய காற்று நிரம்பியிருந்தால் புதிய காற்றுக்கு இடமில்லை என்பது எளிமையான காரணம். இதை விட்டுவிடுபவர்கள் நிறைய. பிறகு டப்பா மேலேயும் வாய்ப்பகுதி கீழேயும் இருக்கும்படி பம்பை நேராகப் பிடித்து, வாய்ப்பகுதியைப் பற்களுக்கிடையே வைத்து, உதடுகளை இறுக மூடிக்கொள்ள வேண்டும். நாக்கு வழியை மறிக்கக் கூடாது. மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்க வேண்டும், இழுக்கத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே ஒருமுறை அமுக்க வேண்டும், இழுப்பதை நிறுத்தாமல் நான்கைந்து நொடி தொடர வேண்டும். நுரையீரல் நிறைந்ததும் பம்பை எடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பத்து நொடி அல்லது முடிந்த மட்டும் மூச்சை அடக்க வேண்டும். துகள்கள் சுவரில் படிய அந்த நேரம் தேவை. உடனே மூச்சை விட்டால் படியாமல் மிதந்துகொண்டிருப்பவை வெளியே வந்துவிடும். அடுத்த பஃபுக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை இடைவெளி விட்டு, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து.

இதில் உயிர்நாடி, அமுக்குவதும் இழுப்பதும் ஒன்றாக நடப்பது. அமுக்கிவிட்டு இழுத்தால் மருந்து அதற்குள் வாயில் மோதி முடிந்திருக்கும். இழுத்து முடித்துவிட்டு அமுக்கினால் உள்ளே போக ஓட்டமே இருக்காது. கண்டுபிடிப்பது எளிது: எடுக்கும்போது வாய் ஓரத்திலோ, மூக்கிலோ, பம்பின் மேற்பகுதியிலோ புகை போல எழும்பினால் மருந்து வெளியே போகிறது. கண்ணாடிமுன் நின்று ஒருமுறை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நம் பெண் செய்து காட்டியபோது நடந்ததும் அதுதான். குலுக்கவில்லை, மூச்சை வெளியே விடவில்லை, வாயைத் திறந்தபடி இரண்டு பஃபை அடுத்தடுத்து அடித்துவிட்டுப் படக்கென்று இழுத்தார், உதட்டோரத்தில் வெண்புகை. ஒரு நொடிகூட அடக்காமல் மூச்சை விட்டார். நீலத்தில் இப்படி எடுத்தாலும் கொஞ்சம் மருந்து போய் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கிறது, அதனால் முறையில் பிழை இருப்பதே தெரியவில்லை. ஐந்து பஃப் தேவைப்படுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்றும் தோன்றவில்லை. பழுப்பில் எப்போதாவது எடுத்த அந்தச் சில பஃபும் இப்படியே தொண்டையோடு நின்றிருக்கிறது. இவருக்கு மருந்தின் வீரியத்தைக் கூட்டி எழுதிக்கொடுத்தால், தொண்டையில் படியும் ஸ்டீராய்டுதான் கூடும்.

அமுக்குவதையும் இழுப்பதையும் ஒன்றாகச் செய்ய வராதவர்களுக்கு வழி ஸ்பேசர். உண்மையில் வருபவர்களுக்கும் அது நல்லது, ஸ்டீராய்டு பம்ப் எடுக்கும் எல்லோருக்கும் ஸ்பேசர் கொடுப்பதே சரி என்பது என் கருத்து. அது ஒரு வெற்று பிளாஸ்டிக் அறை, ஒரு முனையில் பம்ப், மறுமுனையில் வால்வு வைத்த வாய்ப்பகுதி. பீய்ச்சல் அந்த அறைக்குள் வேகம் இழக்கிறது. உந்துவாயு ஆவியாகித் துகள்கள் சிறுக்கின்றன. பெரிய துகள்கள் தொண்டையில் மோதுவதற்குப் பதிலாக அறையின் சுவரிலேயே தங்கிவிடுகின்றன. ஸ்பேசருக்குள் வெள்ளையாகப் படிவதைப் பார்த்து மருந்து வீணாகிறதே என்று சிலர் வருந்துவார்கள். அங்கே படிவதில் பெரும்பகுதி, ஸ்பேசர் இல்லாவிட்டால் அவர்கள் தொண்டையில் படிந்திருக்க வேண்டியது.

ஸ்பேசரோடு எடுக்கும்போது நிதானம் கிடைக்கிறது, ஆனால் வரம்பில்லாத நிதானம் அல்ல. அறைக்குள் மருந்து சில நொடிகளே மிதக்கும். ஒரு பஃப் அமுக்கியவுடன் மெதுவாக ஆழ இழுத்து அடக்க வேண்டும். அப்படி ஆழ இழுக்க முடியாதவர்கள் வாயை எடுக்காமல் ஐந்தாறு சாதாரண மூச்சு விட்டு இழுத்தால் போதும். வால்வு ஒருவழியாக இருப்பதால் வெளியே விடும் மூச்சு அறைக்குள் போகாது. சில ஸ்பேசர்கள் வேகமாக இழுத்தால் விசில் அடிக்கும். அந்த ஒலி வந்தால் இன்னும் மெதுவாக இழுக்க வேண்டும். அதை வேலை செய்வதன் அடையாளம் என்று நினைத்து விசில் வரவைப்பவர்கள் உண்டு. அடிக்கடி காணும் இன்னொரு பிழை, நேரம் மிச்சம் பிடிக்க நான்கைந்து பஃபை ஒரேயடியாக ஸ்பேசருக்குள் அடித்துவிட்டு இழுப்பது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிச் சுவரில் படிகின்றன, ஐந்து பஃபில் கிடைக்க வேண்டியதில் பெரும்பகுதி போய்விடும். ஒரு பஃப், அதற்கான மூச்சுகள், பிறகு அடுத்த பஃப்.

சின்னக் குழந்தைகளுக்கு ஸ்பேசரோடு முகமூடி வேண்டும். ஏறத்தாழ நான்கு வயதுக்கு மேல், உதட்டை மூடி வாயால் மூச்சுவிடத் தெரிந்ததும், வாய்ப்பகுதிக்கு மாறிவிடலாம். முகமூடி மூக்கையும் வாயையும் சுற்றி இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். சின்ன இடைவெளிகூட மருந்தின் அளவை மிகவும் குறைத்துவிடும். வால்வு அசைவதைப் பார்த்து மூச்சுகளை எண்ணலாம். அழும்போது கொடுத்தால் நன்றாக உள்ளே போகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, பெரியவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். அது தவறு. அழும் குழந்தை நீளமாக மூச்சை வெளியே விட்டு, நடுவில் வெடுக்கென்று இழுக்கிறது. மருந்து மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். மடியில் வைத்து, முகமூடியோடு முதலில் விளையாடவிட்டு, அமைதியாக இருக்கும்போது கொடுப்பதற்கு ஈடில்லை.

ஸ்பேசரைக் கழுவும் முறை பலருக்கும் வியப்பாக இருக்கும். புது பிளாஸ்டிக் சுவரில் நிலைமின்னூட்டம் இருக்கும், அது மருந்துத் துகளை இழுத்து ஒட்டவைத்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைச் சில துளி வெதுவெதுப்பான நீரில் விட்டு, ஸ்பேசரைப் பிரித்து அதில் ஊறவைத்து எடுத்து, அலசாமல், துடைக்காமல், தானாக உலரவிட வேண்டும். உட்சுவரில் மெல்லியதாக மிஞ்சும் சோப்புப் படலம் மின்னூட்டத்தைத் தடுக்கிறது. துணியால் தேய்த்தால் மின்னூட்டம் திரும்ப வந்துவிடும். வாய் படும் பகுதியை மட்டும் துடைத்துக்கொள்ளலாம். முதல் முறை பயன்படுத்தும் முன்பும் பிறகு மாதம் ஒருமுறையும் இப்படிச் செய்தால் போதும். மின்னூட்டம் ஏறாத பொருளில் செய்த ஸ்பேசர்களும் உண்டு, அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

பம்பின் பிளாஸ்டிக் உறையையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி உலர்த்துவது நல்லது. சால்பியூட்டமால் பம்பில் துளை அடைத்துக்கொள்வது சகஜம். உலோக டப்பாவை மட்டும் தண்ணீரில் போடக் கூடாது. அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பழைய பழக்கம் நம்பத்தக்கதும் இல்லை. காதருகே குலுக்கிப் பார்ப்பதும் அப்படியே: 200 பஃப் முடிந்த பிறகும் டப்பாவில் உந்துவாயு மிச்சம் இருக்கும், அமுக்கினால் புகையும் வரும், மருந்து இருக்கிறதா என்பது மட்டும் தெரியாது. எண்ணி இல்லாத பம்ப் என்றால் தடுப்பிக்குக் கணக்கு சுலபம், 200ஐத் தினசரி பஃபால் வகுத்து, தீரும் தேதியைத் திறந்த அன்றே டப்பாவில் எழுதி வைத்துவிடலாம். நிவாரணிக்கு எடுக்க எடுக்கக் குறித்து வைப்பது தவிர வேறு வழியில்லை.

தடுப்பியை விட்டுவிடுபவர்களில் பலர் "ஸ்டீராய்டு" என்ற சொல்லுக்குப் பயந்து விடுகிறார்கள். அளவு மைக்ரோகிராமில். ஒரு பஃப் 100 மைக்ரோகிராம் என்றால் நாளுக்கு நான்கு பஃப் 0.4 மில்லிகிராம்தான். மோசமான தாக்குதலில் விழுங்கக் கொடுக்கும் பிரெட்னிசோலோனோ ஒரு நாளைக்கே 40 முதல் 50 மில்லிகிராம் வரை. இரண்டும் வேறுவேறு மருந்துகள், வீரியமும் வேறு, எனவே எடையை மட்டும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் பம்பைத் தவிர்த்து மாத்திரைக்கு ஆளாகிறவர்தான் உடம்புக்கு அதிக ஸ்டீராய்டு கொடுக்கிறார் என்பது நிஜம். பம்பின் பக்கவிளைவுகள் பெரும்பாலும் தொண்டையோடு நிற்கும்: குரல் கம்மல், வாயில் வெள்ளைப் பூஞ்சை. எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புவதும், ஸ்பேசர் பயன்படுத்துவதும் இரண்டையும் வெகுவாகக் குறைக்கும். உயர் அளவில் ஆண்டுக்கணக்காக எடுப்பவர்களுக்கு உடம்பின் மற்ற பாகங்களிலும் விளைவு வரலாம் என்பதால்தான், ஆஸ்துமா சில மாதம் அடங்கியிருந்தால் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். தானாக நிறுத்திவிடுவது அதற்கு மாற்று இல்லை.

நம் பெண்ணுக்கு அன்று புதிதாக எந்த மருந்தும் எழுத வேண்டியதில்லை என்றால் அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். அதே பெக்லோமெத்தசோன், அதே அளவு, ஆனால் ஸ்பேசரோடு, தினமும் பல் துலக்கும் முன் காலையிலும் இரவிலும், அப்படியானால் கொப்பளிப்பதும் தானாக நடந்துவிடும். எடுக்கும் முறையைக் கற்றுக்கொடுத்து, அவரே திரும்பச் செய்து காட்டும்வரை விடக் கூடாது. நாலு முதல் ஆறு வாரத்தில் எண்ணிகளோடு திரும்பி வரச் சொல்ல வேண்டும். பழுப்பு ஒழுங்காகக் குறைந்து, நீலம் வாரத்துக்கு ஒன்றிரண்டாக வந்திருந்தால் வழி சரி. பழுப்பு முறைப்படி குறைந்தும், எடுக்கும் முறை பிசகாமலும் இருந்து, நீலம் மட்டும் குறையவில்லை என்றால் அப்போதுதான் மருந்தைக் கூட்டுவதையோ, இது ஆஸ்துமாதானா என்பதையோ யோசிக்க வேண்டும். அந்த வரிசை தலைகீழாக நடப்பதுதான் அன்றாடம்.

தாக்குதல் வரும் வேளைக்கும் ஸ்பேசர் தயாராக இருக்க வேண்டும். நெபுலைசர் வைத்தால்தான் அடங்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான கட்டத்தைத் தவிர்த்துப் பார்த்தால், ஸ்பேசரோடு பம்ப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நெபுலைசருக்குச் சளைத்ததல்ல என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. குழந்தைகளுக்குப் படபடப்பும் குறைவு. ஆஸ்திரேலியாவில் எல்லோருக்கும் கற்றுத்தரும் முதலுதவி நினைவில் வைக்க எளிது: நிமிர்ந்து உட்காரவைத்து, சால்பியூட்டமால் நான்கு பஃப், ஒவ்வொரு பஃபுக்கும் ஸ்பேசர் வழியே நான்கு மூச்சு, நான்கு நிமிடம் காத்திருப்பது. அடங்கவில்லை என்றால் மறுபடி அதே. உங்கள் மருத்துவர் தனியாக ஒரு திட்டம் எழுதித் தந்திருந்தால் அதுவே முதலில்.

இரண்டாம் சுற்றுக்குப் பிறகும் மூச்சுத்திணறல் அடங்கவில்லை என்றாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் சொல் சொல்லாகப் பேசினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ஆள் சோர்ந்து மயங்கினாலோ, குழந்தையின் விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்கினாலோ, ஆம்புலன்சை அழைக்க வேண்டும். வீசிங் சத்தம் திடீரென்று நின்றும் ஆள் திணறிக்கொண்டிருந்தால் அது நல்ல அறிகுறி அல்ல, சத்தம் எழுப்பக்கூட காற்று ஓடவில்லை என்று பொருள். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அந்த நான்கு பஃப் சுற்றை நிறுத்தாமல் தொடர வேண்டும்.